200 எழுத்துக்குள் ஒரு கிணறு

"வணக்கம் அண்ணா. கிணற்று உணரிகள் பற்றிய உங்கள் பதிவு வாசித்தேன். கோண்டாவிலில் எங்கள் உணரி ஆறு கிழமையில் சுண்ணாம்பு படிந்து குறைவாகக் காட்டுகிறது. உங்கள் அனுபவங்களைத் தொடர்ந்து வாசிக்க விரும்புகிறேன்."

கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் இறுதியாண்டு மாணவி ஒருவர், ரொறன்ரோவில் நிலத்தடி நீர்த் துறையில் வேலை செய்யும் ஒரு பொறியியலாளருக்கு அனுப்பிய குறிப்பு இது. லிங்க்ட்இன் தளத்தில் இணைப்பு கேட்கும்போது கூடவே எழுதி அனுப்பும் சிறு குறிப்பு. இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. அந்தப் பொறியியலாளரும் இதே பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளுக்கு முன் படித்தவர் என்பது மட்டுமே ஒட்டு. இந்தக் குறிப்பை நான் பலமுறை வாசித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இதில் ரசிக்க ஏதாவது ஒன்று கிடைக்கிறது.

இதற்கு முன்னர் மாணவி அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பதில் வரவில்லை. "வேலைவாய்ப்பு மற்றும் ஆலோசனை தொடர்பாக" என்று தலைப்பு. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடக்கம். முதல் பந்தியில் பெயர், பீடம், ஆண்டு. இரண்டாவதில் தேர்வுப் பெறுபேறுகள். மூன்றாவதில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின் முழுப் பெயர். அது மட்டுமே இரண்டு வரி. கடைசிப் பந்தியில் ஆலோசனை வேண்டும், பயிற்சி இடம் வேண்டும், அரை மணிநேரம் கதைக்க வேண்டும், இணைத்திருக்கும் சுயவிவரத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்கு வேண்டுகோள்கள். மரியாதையான கடிதம்தான், பிழையும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட கடிதத்தை யாரும் யாருக்கும் அனுப்பலாம்.

நான்காம் பந்தியில் மட்டும் மூன்று வசனங்கள் வேறு குரலில் இருந்தன: "ஆவணி மாதம் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கும்போதே உவர்க்கிறது. கருவியோ ஆறு கிழமைக்கு முன்னர் காட்டியதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. கழற்றிப் பார்த்தபோது முனைகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது."

இந்த மூன்று வசனங்களின் பெறுமதி தெரிய, யாழ்ப்பாணத்துத் தண்ணீரைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது; அதைத்தான் கிணறு வழியே எடுத்துக் குடிக்கிறோம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் அந்த நன்னீருக்குக் கீழிருந்து உவர்நீர் மேலே ஏறும். உவர் எவ்வளவு என்று அறிய, இரண்டு உலோக முனைகளைத் தண்ணீருக்குள் இறக்கி, அவற்றுக்கிடையே மின்சாரம் எவ்வளவு இலகுவாகப் பாய்கிறது என்று அளப்பார்கள். உப்புக் கூடினால் மின்சாரம் நன்றாகப் பாயும், அளவு ஏறும். ஆனால் நம்முடைய தண்ணீரில் சுண்ணாம்பும் அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் உணரியின் முனையிலும் படிகிறது. படிந்ததும் மின்சாரம் தடைப்படும். கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டிருக்க, கருவி இறங்குமுகமாகக் காட்டும். கருவியை நம்பி ஒருவர் இன்னும் இறைத்தால் கிணறு மேலும் கெடும்.

மின்னஞ்சலுக்குள் புதைந்து கிடந்த செய்தி இது. அதை அவர் எப்படித் தோண்டியெடுத்தார் என்பதில்தான் எனக்கு வியப்பு.

முதலில் அவர் செய்தது, யாரும் செய்வதுதான்: கடிதத்தைச் சுருக்கினார். அந்த வரைவையும் எனக்குக் காட்டினார். "வணக்கம் ஐயா, நான் இறுதியாண்டு மாணவி. நீர்த்தர உணரி பற்றிய செயற்றிட்டம் செய்கிறேன். பயிற்சி வாய்ப்புக்கு உதவ முடியுமா? 15 நிமிடம் ஒதுக்குவீர்களா?" கடிதத்தின் வடிவம் அப்படியே சுருங்கி இதில் இருக்கிறது. வேண்டுகோள்களில்கூட இரண்டு இருக்கின்றன. ஆனால் கிணறு காணாமற் போய்விட்டது. "இதில உங்கட கிணறு எங்க பிள்ளை?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை விட்டால் மிச்சம் எல்லாம் என்ர புரொஃபைலிலயே கிடக்குது, சேர்" என்றார். அதன்பின் நான் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமெல்லாம் அவருடைய வேலை.

அவர் சொன்னது மிகச் சரி. மின்னஞ்சல் முகமில்லாமல் போய்ச் சேர்கிறது. ஆகவே எழுதுபவர் தன்னைத் தானே அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. இணைப்பு வேண்டுகோள் அப்படியல்ல. பெறுபவரின் திரையில் அனுப்பியவரின் படமும் பெயரும் பெயருக்குக் கீழ் உள்ள தலைப்பு வரியும் இருவருக்கும் பொதுவான இணைப்புகளும் குறிப்புக்கு மேலேயே வந்து நிற்கும். அங்கே "நான் இறுதியாண்டு மாணவி" என்று எழுதினால் ஒன்றை இரண்டு தரம் சொன்னதாகும். அவர் அந்த வசனத்தை எடுத்துவிட்டு, அதன் பாரத்தைத் தலைப்பு வரிக்கு மாற்றினார். முன்பு அங்கே மாணவி என்று மட்டும் இருந்தது. இப்போது பீடத்தின் பெயரோடு கிணற்று நீர் அளக்கும் உணரி செய்பவர் என்றும் இருக்கிறது. குறிப்பில் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது அடக்கம் போலத் தெரியும். உண்மையில் அந்த இடத்தைக் கிணற்றுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்.

இடம் என்றால் உண்மையிலேயே இடம்தான். கட்டணமில்லாத கணக்கு வைத்திருப்பவருக்கு இந்தக் குறிப்பில் 200 எழுத்து. கட்டணக் கணக்குக்கு 300. அதுவும் கட்டணமில்லாதவர் குறிப்போடு அனுப்பக்கூடிய வேண்டுகோள்கள் மாதத்துக்குச் சிலவே. தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. நாம் ஒரு எழுத்தாக எண்ணுவதைக் கணினி பல வேளை இரண்டாக எண்ணும். புள்ளியும் விசிறியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. அந்தக் கணக்கில் இந்தக் குறிப்பு 197. பேச்சில் அவர் சென்சர் என்றுதான் சொல்வார். அப்படியே எழுதியிருந்தால் வருகிற இரண்டு இடத்திலும் மும்மூன்று கூடி 203 ஆகியிருக்கும், பெட்டி ஏற்றிருக்காது. 'உணரி' என்ற சொல்லால்தான் குறிப்பு உள்ளே அடங்கியது.

இத்தனை நெருக்கடியிலும் 'கோண்டாவிலில்' என்ற சொல்லுக்குப் பன்னிரண்டு இடம் கொடுத்திருக்கிறாரே, அதைப் பாருங்கள். 'யாழ்ப்பாணத்தில்' என்று எழுதியிருந்தால் பொதுவாகப் போயிருக்கும். 'ஒரு கிணற்றில்' என்றால் எங்கேயோ. இங்கே படித்துப் போன நிலத்தடி நீர்ப் பொறியியலாளருக்குக் கோண்டாவில் என்றதும் செம்மண்ணும் தோட்டமும் ஆழக் கிணறும் சொல்லாமலே தெரியும். 'ஆறு கிழமையில்' என்பதும் அப்படி. சிக்கல் இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு காலத்தில் வந்தது என்றும் சொல்கிறது. கருவியை இறக்கிவிட்டு ஆறு கிழமை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரால்தான் இதை எழுத முடியும்.

எனக்கு மிகப் பிடித்த சொல் 'குறைவாகக்'. 'பிழையாகக் காட்டுகிறது' என்று எழுதியிருந்தாலும் பொருள் கெடாது. நீளமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பிழை எந்தப் பக்கம் என்று அதில் இல்லை. கோடையில் அளவு ஏறவேண்டும் என்பது துறையறிந்தவருக்குத் தெரியும். குறைவாக என்றதும் அவர் மனம் உடனே கணக்குப் போடத் தொடங்கிவிடும். மின்னஞ்சலில் மூன்று வசனமாக இருந்த முரணை இந்த ஒரு சொல் தாங்குகிறது. விளக்கத்தை அவர் எழுதவில்லை, வாசிப்பவரின் அறிவிடம் விட்டுவிட்டார். அறிந்தவருக்கு எழுதும்போது காட்டக்கூடிய நல்ல மரியாதை அது என்று நினைக்கிறேன்.

'ஐயா' போய் 'அண்ணா' வந்ததைப் பற்றிச் சிலர் யோசிக்கக்கூடும். முன்பின் தெரியாதவரை உறவு சொல்லி அழைக்கலாமா? பொதுவாக நானும் தயங்குவேன். இங்கே பொருந்துகிறது, ஏனென்றால் மேல் வகுப்பில் படித்தவரை அண்ணா என்று அழைப்பது இந்தப் பல்கலைக்கழகத்து வழமை. 'நானும் நீங்கள் படித்த இடத்தில் படிக்கிறேன்' என்று ஒரு வசனம் எழுதாமலே அந்த ஒட்டு உள்ளே வந்துவிடுகிறது. பொறியியலாளர் வேறெங்கோ படித்தவர் என்றால் இதே சொல் அத்துமீறலாகப் பட்டிருக்கும்.

கடைசி வசனம் குறிப்பில் மெலிந்த இடம். 'தொடர்ந்து' என்ற சொல்லை எடுத்திருந்தால் 'ஆவணியில்' என்று மாதத்தைச் சேர்க்க இடம் வந்திருக்கும். முரண் இன்னும் கூர்மைப்பட்டிருக்கும். ஆனாலும் அந்த வசனம் ஒன்றும் கேட்கவில்லை என்பதை மதிக்கிறேன். நேரம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. பெறுபவர் ஏற்றுக்கொள்வதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எந்தக் கடமையும் தலையில் விழாது. கேள்வி அதற்குப் பின்னால் வரட்டும் என்று விட்டிருக்கிறார்.

அனுப்பும்போது இன்னொரு கவனம். கைப்பேசியில் Connect என்ற பொத்தானை அழுத்தியவுடன் வேண்டுகோள் குறிப்பில்லாமலே பறந்துவிடக்கூடும். More என்பதற்குள் போய் Personalize invite என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். தவறிப் போனதை மீளப்பெற்றால் அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று கிழமை வரை காத்திருக்க நேரும். அவர் கணினியிலேயே திறந்து, Add a note பெட்டியில் ஒட்டி, வாசித்துப் பார்த்து அனுப்பினார்.

வேண்டுகோள் ஏற்கப்பட்டதும் அந்தக் குறிப்பே உரையாடலின் முதற் செய்தியாக மேலே நிற்கும். அதனால் இரண்டாவது செய்தியில் வணக்கமும் வரலாறும் தேவைப்படவில்லை. "நன்றி அண்ணா. முனைகளைக் கழுவும்போது பழைய அளவுகளையும் திருத்தலாமா, அல்லது அவற்றை விட்டுவிட வேண்டுமா?" என்று மட்டும் எழுதினார். மின்னஞ்சலின் நான்கு வேண்டுகோள்களும் இருந்த இடத்தில் இப்போது ஒரே கேள்வி. அதுவும் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியது.

பதில் வந்தது. கழுவுவதற்கு முன்னர் 1413 என்று அளவு குறித்த நியமக் கரைசலில் உணரியை வைத்து அது காட்டுவதை எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு வினாகிரியில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்து, நன்றாகக் கழுவி, அதே கரைசலில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுண்ணாம்பு தின்ற அளவு. ஆறாவது கிழமை அளவைத் திருத்த அது உதவும். ஆனால் இடைப்பட்ட கிழமைகளில் எவ்வளவு படிந்திருந்தது என்று தெரியாததால் அவற்றைத் திருத்தப் போகவேண்டாம் என்றும், இனிமேல் கிழமைக்கு ஒருதரம் இந்தச் சோதனையைச் செய்யும்படியும் எழுதியிருந்தார். கீழே அவரும் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: கிணறு எத்தனை முழ ஆழம், உணரியை எந்த மட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்?