குளிசை விழுங்கக் கற்ற மகன்

கல்முனைப் பக்கம் பிள்ளைக்குக் குளிசை என்றால் கரண்டியில் நசுக்கிச் சீனி போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். கசப்பு போகாது. மெதுவாகக் கரையும்படி செய்த குளிசையை நசுக்கினால் மருந்து முழுவதும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

அயல்வீட்டு உம்மா ஒருவர் ஏழு வயது மகனைப் பழக்கிய விதம் எனக்குப் பிடித்தது. முதலில் வெறும் தண்ணீர் ஒரு மிடறு. பிறகு கேக்கில் தூவும் சீனிமணி ஒன்று, அடுத்து சீரக மிட்டாய், கடைசியில் குளிசையளவு மிட்டாய். நாக்கின் நடுவில் வைத்து, தண்ணீரை வாய் நிறைய எடுத்து, ஒரே மிடறு. இரண்டு தடவை சிக்கினால் பழைய அளவுக்கே திரும்பினார்.

"மகன், முகட்டைப் பார்க்காதங்க!"

அதில்தான் நுட்பம். தலையை அளவுக்கு மீறிப் பின்னால் சாய்த்தால் விழுங்குவது கடினம், புரையேறும். கூட்டுக்குளிசை தண்ணீரில் மிதக்கும். ஆகவே நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தினால் அது தொண்டைப் பக்கம் போகும். சாதாரணக் குளிசை கனமானது, தலை நேராக இருந்தால் போதும். கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தினர் நேர், மேல், கீழ், இடம், வலம் என ஐந்து நிலைகளிலும் மிட்டாயால் பழக்கி, பிள்ளைக்கு லேசானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 2010இல் அந்த ஆய்வு வெளியானது.

அழும் பிள்ளைக்கும் படுத்திருக்கும் பிள்ளைக்கும் இந்தப் பயிற்சி வேண்டாம். நான்கு வயதுக்குக் கீழே மிட்டாயைக் கையிலேயே எடுக்காதீர்கள்.