மேலிருந்து பின்னும் ஸ்வெட்டர்: குட்டை உடலுக்கும் அகன்ற தோளுக்கும் அதன் பொருத்தம்

கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி, தையல் இணைப்பே இல்லாமல் வட்டமாகப் பின்னப்படும் ஸ்வெட்டர் முறையை, பார்பரா வாக்கர் 1972இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கினார். பின்னும்போதே அணிந்து பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளலாம் என்பதே இம்முறையின் முதன்மையான வாதம். உடல் நீளம் குறைந்து தோள் அகன்றவர்களைப் பொறுத்தவரை இவ்வாதம் நீளத்திற்கு முழுமையாகவும் தோளுக்கு அரைகுறையாகவுமே உண்மையாகிறது.

நீளத்தைத் திருத்துவது எளிது. அக்குளுக்குக் கீழே உடற்பகுதி வெறும் குழாயாகவே இறங்குவதால், அணிந்து பார்த்து வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். தவறினாலும் கீழ்விளிம்பை மட்டும் பிரித்தால் போதும். ஆனால் இடுப்பு வளைவு கொண்ட வடிவமாயின், குறைப்பைக் கீழ்விளிம்பில் மட்டும் செய்வது பிழையாகும். குட்டை உடலில் குறைவு பெரும்பாலும் அக்குளுக்கும் இடுப்புக்கும் இடையில் இருப்பதால், அங்கேயே சுற்றுகளைக் குறைக்காவிட்டால் வளைவின் ஒடுங்கிய பகுதி உண்மையான இடுப்புக்குக் கீழே விழுந்து, அதற்கு மேலே துணி மடிந்து நிற்கும்.

தோள் விஷயத்தில் முறையின் குறை வெளிப்படுகிறது. பரவலாகப் பின்னப்படும் ரேக்லான் வடிவத்தில், முன், பின், இரு கைகள் ஆகிய நான்கு பகுதிகளும் சந்திக்கும் நான்கு சரிவுக் கோடுகளின் இருபுறமும் ஒரு சுற்றுவிட்டு ஒரு சுற்றில் கண்ணிகள் கூட்டப்படுகின்றன. கண்ணி என்பது ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையம். இதனால் அகலமும் ஆழமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிடுகின்றன. அகலம் வேண்டிக் கூட்டலைத் தொடர்ந்தால் அக்குள் கீழிறங்கும். குட்டை உடலுக்காக முன்னதாக நிறுத்தினால் மார்பு இறுகும்.

குளிர்கால அதிகாலையில் பருத்திக் குர்த்தாவின்மேல் அணியத்தக்க ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மாதிரித் துண்டில் 10 செ.மீ. அகலத்திற்கு 20 கண்ணிகளும், 10 செ.மீ. உயரத்திற்கு 28 சுற்றுகளும் வருகின்றன. குர்த்தாவோடு சேர்த்து அளந்த மார்புச் சுற்று 96 செ.மீ.; தளர்வோடு 102 செ.மீ., அதாவது 204 கண்ணிகள் தேவை. முன்னும் பின்னும் 32 கண்ணிகளிலும் கைகள் 12 கண்ணிகளிலும் தொடங்கி, ஒவ்வோர் அக்குளிலும் 8 கண்ணிகள் புதிதாக ஏற்றப்படுகின்றன எனில், வழக்கமான முறையில் 31 கூட்டல் சுற்றுகள் வேண்டும். அவற்றுக்கு 62 சுற்றுகள், ஏறத்தாழ 22 செ.மீ. ஆழம் ஆகும். அணிபவருக்கோ 52 சுற்றுகளே, அதாவது 19 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான ஆழமே, பொருந்தும். அங்கே நிறுத்தினால் 26 கூட்டல்களே முடிந்திருக்கும்; மார்புச் சுற்று 92 செ.மீ.யில் நின்றுவிடும்.

இதற்குத் தீர்வு, உடலின் கூட்டலையும் கையின் கூட்டலையும் பிரித்துவிடுவதே. கைகள் 26 கூட்டல்களோடு 36 செ.மீ. சுற்றளவை அடைகின்றன, 34 செ.மீ. மேற்கைக்கு அது போதும். எஞ்சிய 5 கூட்டல்களை, முதல் 20 சுற்றுகளுக்குள், கூட்டலின்றிப் பின்ன வேண்டிய சுற்றுகளில் முன், பின் பகுதிகளில் மட்டும் செய்ய வேண்டும். கூட்டல்களை அக்குள் அருகே குவிப்பதைவிட இவ்வாறு மேலேயே செய்வது சிறந்தது. ஏனெனில் தோள்முனையைக் கடக்கும் இடத்திலேயே, அதாவது கழுத்திலிருந்து 7 செ.மீ. கீழே, மொத்தச் சுற்றளவு 84 செ.மீ.யிலிருந்து 94 செ.மீ.யாக உயர்கிறது. அதே வேளை, அடுத்தடுத்த சுற்றுகளில் கூட்டல் மிகுந்தால் கழுத்தருகே துணி அலையலையாகப் புடைக்கும் என்பதால், ஐந்தையும் இடைவெளி விட்டுப் பரப்புவதே முறை.

அணிந்து பார்த்தலுக்கும் வரம்பு உண்டு. 80 செ.மீ. வட்ட ஊசியில் நெருக்கி நிற்கும் 204 கண்ணிகள் முழுதாக விரியாததால், அவற்றை நீண்ட நூலுக்கு மாற்றிய பின்னரே அணிய வேண்டும். தோள்முனையிலிருந்து கழுத்தை நோக்கிக் கிடைமட்டச் சுருக்கங்கள் ஓடினால் அகலம் போதவில்லை. கையை உயர்த்தும்போது உடற்பகுதி முழுவதும் மேலேறினால் அக்குள் தாழ்ந்திருக்கிறது. கம்பளி நூல் துவைத்தபின் நீளக்கூடும் என்பதால், துவைத்துக் காய்ந்த மாதிரித் துண்டின் அளவையே கணக்கிற்குக் கொள்ள வேண்டும். எல்லாவற்றினும் பெரிய குறை, தோளின் பிழை தெளிவாகத் தெரியும்போது மேற்பகுதி முழுவதும் முடிந்திருக்கும் என்பதுதான். அதைத் திருத்தக் கழுத்துவரை பிரிக்க நேரும்.

ஆகவே மேலிருந்து பின்னும் முறை குட்டை உடலுக்கு உகந்தது. அகன்ற தோளுக்கு, கூட்டல் வேகத்தை முதல் கண்ணி ஏற்றுமுன்பே கணக்கிட்டவர்களுக்கு மட்டுமே உகந்தது. நீளத்தை ஊசியில் இருக்கும்போதே தீர்மானிக்கலாம். தோளைத் தாளில்தான் தீர்மானிக்க வேண்டும்.