பெயருள்ள ஒரே அத்தியாயம்: ‘அன்னா கரீனினா’வை எப்படி ரசிப்பது?

டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வில் 8 பாகங்கள், 239 அத்தியாயங்கள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் பெயர் உண்டு. மற்றவற்றுக்கு வெறும் எண். நூலின் முகப்பில், யார் சொன்னது என்ற குறிப்பே இல்லாமல், விவிலியத்திலிருந்து ஒரு மேற்கோள். அட்டையில் ஒரு பெண்ணின் பெயர். கதைக்கு வெளியே நின்று ஆசிரியர் நம்மிடம் பேசுவது இவ்வளவுதான். இந்த மூன்றும் ஒரே திசையைக் காட்டவில்லை, ஒன்று சொன்னதை மற்றொன்று திருத்துகிறது. அந்த இழுபறியைக் கவனிக்காத வாசகருக்கு, கணவனை விட்டுப் போனவள் ரயிலில் விழுந்து செத்த கதை மட்டுமே மிஞ்சும்.

தலைப்பு நம் கண்ணை அன்னாவின் மேல் நிறுத்துகிறது. ஆனால் அவள் கதைக்குள் வருவதே முதல் பாகத்தின் 18ஆம் அத்தியாயத்தில்தான். ஏறக்குறைய பாதி நாவலை எடுத்துக்கொள்பவன் லெவின் என்ற பண்ணையார். வரைவுக் காலத்தில் ‘இரண்டு திருமணங்கள்’ என்ற பெயரும் டால்ஸ்டாயின் யோசனையில் இருந்தது. அதை வைத்திருந்தால் இரு தம்பதிகளையும் தராசில் வைத்து, இது நல்ல இல்லறம், அது கெட்ட இல்லறம் என்று நாம் எளிதாகத் தீர்ப்பு எழுதியிருப்போம். அன்னாவின் பெயர் மட்டும் நின்றதால், லெவின் வயலில் புல் அறுக்கும்போதும், அவன் கிட்டியை மணக்கும்போதும், ‘இதற்கும் அவளுக்கும் என்ன உறவு?’ என்ற கேள்வி கூடவே வருகிறது. ஆசிரியர் அதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை.

முகப்பு மேற்கோள்தான் மூன்றிலும் வில்லங்கமானது. பழிவாங்குவது தனக்கே உரியது, பதில் செய்வதும் தானே என்று ஒரு குரல் சொல்கிறது. அவசரமாகப் படித்தால் அன்னாவுக்கு விதித்த தண்டனை போலத் தெரியும். எந்த மேற்கோளையும் அதன் பழைய இடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், நீங்கள் பழிவாங்காதீர்கள், அதைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள் என்று மனிதருக்குச் சொன்ன புத்திமதியின் பகுதி இது. இனி நாவலில் பழிவாங்குகிறவர்கள் யார் யார் என்று தேடுங்கள். அன்னா துன்பப்பட வேண்டும் என்று முதலில் நினைக்கிற அவள் கணவர் கரேனின், பிறகு அவள் படுக்கையருகில் நின்று மன்னிக்கிறார். தங்கள் கள்ள உறவுகளைப் பூசி மெழுகிக்கொண்டே, அன்னா நாடகக் கொட்டகைக்கு வந்ததும் அவமதிக்கிறது பீட்டர்ஸ்பர்க் மேட்டுக்குடி. கடைசியில் அன்னாவே, தன் காதலன் விரான்ஸ்கியைத் தண்டிக்கும் எண்ணத்தோடுதான் தண்டவாளத்தை நோக்கிப் போகிறாள். மேற்கோள் அவள் ஒருத்தியைச் சுட்டவில்லை, தீர்ப்புச் சொல்ல எழுந்த எல்லோரையும் உட்காரச் சொல்கிறது. வாசகரையும் சேர்த்துத்தான்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. மனிதன் செய்யும் தீமையால் வரும் கசப்பு கடவுளிடமிருந்து வருவது, அன்னா பட்டதும் அதுவே, இதைச் சொல்லத்தான் அந்த மேற்கோளை வைத்தேன் என்ற கருத்தில் டால்ஸ்டாயே முதுமையில் விளக்கியதாகப் பதிவு இருக்கிறது. ஆசிரியரே சொன்ன பிறகு நாம் ஏன் வேறு பொருள் தேட வேண்டும்? ஆனால் அந்த விளக்கம் வந்தது நாவல் வெளியாகி ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, அவர் கடுமையான ஒழுக்கப் போதகராக மாறியிருந்த காலத்தில். நூலுக்குள் இருக்கும் சான்று வேறு மாதிரி. முதல் பக்கத்திலேயே மனைவிக்குத் துரோகம் செய்து பிடிபடும் அன்னாவின் அண்ணன் ஸ்டீவா, கடைசிவரை சிரித்த முகத்தோடு நல்ல சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு வாழ்கிறான். பாவத்துக்குத் தவறாமல் தண்டனை என்பதே மேற்கோளின் பொருள் என்றால் இவனை எங்கே வைப்பது?

இனி அந்த ஒரே பெயர். ஐந்தாம் பாகத்தின் 20ஆம் அத்தியாயத்துக்கு ‘மரணம்’ என்று தலைப்பு. அன்னாவின் மரணம் அல்ல அது. லெவினின் அண்ணன் நிக்கலாய் ஒரு மட்டமான விடுதி அறையில், சுற்றியிருப்பவர்கள் சலித்துப்போகும் அளவுக்கு மெல்ல மெல்லச் சாகிறான். அதே அத்தியாயத்தின் முடிவில் கிட்டி கர்ப்பமாக இருப்பது தெரியவருகிறது. அட்டையில் பெயர் பெற்றவளின் சாவுக்கோ வெறும் எண்தான். இது தற்செயல் என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனாலும் தொடராக வந்த நாவல் 1878இல் புத்தகமானபோதும் அந்தத் தலைப்பு நீக்கப்படவில்லை. அதன் விளைவு கதையில் தெரிகிறது. சாவைப் பற்றிய கேள்வி லெவினின் தோளில் ஏறுகிறது. எட்டாம் பாகத்தில், எல்லாம் வாய்த்த அந்தக் குடும்பஸ்தன் தூக்குப் போட்டுக்கொள்வோமோ என்று பயந்து கயிற்றை ஒளித்துவைக்கிறான். அன்னா போன வழிக்கு அவனும் பக்கத்தில்தான் இருந்தான்.

அன்னா இறந்த பிறகு வருவதால் பலர் எட்டாம் பாகத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். திரைப்படங்களிலும் அது பெரும்பாலும் சுருங்கிப்போகும். நீங்கள் விடாதீர்கள். ஏழாம் பாகம் முடிந்ததும் முகப்புப் பக்கத்துக்குத் திரும்பி அந்த மேற்கோளை இன்னொரு முறை படித்துவிட்டு, பிறகு எட்டாம் பாகத்துக்குள் போங்கள்.