ஈயக் காசும் வழிகாட்டியின் உரையும்

போன தவணையில் எங்கள் படிவம் நான்கு மாணவர்களைக் கோலசிலாங்கூரிலிருந்து தலைநகரின் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். பெயர் வேண்டாம். பழங்கால நாணயக் கூடத்தில் வழிகாட்டி பேசும் உரையைத் தமிழாக்கி, முன்கூட்டியே ஆசிரியர்களிடம் கொடுத்திருந்தார்கள். நான்கு பக்கம். உரை எழுதப் பயிலும் மாணவர்களுக்கு அதை மாதிரியாகக் கொடுக்கலாமா என்ற எண்ணத்தோடுதான் படித்தேன். ஒரு பகுதியை மட்டும் தாராளமாகக் கொடுக்கலாம்.

அது பிட்டிஸ் மரம் பற்றிய பகுதி. கிளந்தான், திரங்கானு பக்கம் புழங்கிய ஈயக் காசு பிட்டிஸ். ஈயம் சுமார் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். சாதாரண அடுப்பே போதும். உருக்கியதை அச்சில் ஊற்றினால் நடுவில் தண்டும் இரு பக்கமும் இலை மாதிரி காசுகளுமாக வரும். தேவைப்பட்டதை ஒடித்துக்கொள்ளலாம். உரை இதைச் சொல்லிவிட்டு, "காசின் விளிம்பைப் பாருங்கள், ஒடித்த தழும்பு தெரிகிறதா?" என்று கேட்கிறது. அந்த ஒரு கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் இருபது பேரும் கண்ணாடியில் மூக்கை வைத்துவிட்டார்கள். பார்க்கச் சொன்னது, பார்த்ததிலிருந்து செய்முறையைப் புரிந்துகொள்ளவும் வைத்தது. நல்ல விளக்கவுரை என்றால் இதுதான்.

அடுத்த பெட்டிக்கு வந்ததும் உரை தூங்கிவிடுகிறது. மலாக்கா சுல்தான் முசாபர் ஷாவின் ஈயக் காசை "1446ஆம் ஆண்டு நாணயம்" என்கிறது. அந்தக் காசில் ஆண்டே கிடையாது. ஒரு பக்கம் அரபு எழுத்தில் முசாபர் ஷா சுல்தான் என்ற பெயர், மறுபக்கம் ஒரு பட்டப்பெயர், அவ்வளவுதான். அப்படியானால் 1446 எங்கிருந்து வந்தது? அவர் அரியணை ஏறியதாகப் பாடநூல்களில் வரும் ஆண்டு அது. அவர் ஆட்சி ஏறத்தாழ 1459 வரை நீடித்தது. ஆகவே "1446க்கும் 1459க்கும் இடையில் வெளியிட்டிருக்கலாம்" என்பதுதான் நாம் சொல்லக்கூடியது. இதை நான் சும்மா இலக்கணப் பிடிவாதமாகச் சொல்லவில்லை. காசில் எழுதியிருப்பது வேறு, வேறு சான்றைக் கொண்டு நாம் கணிப்பது வேறு. உரையில் இரண்டும் ஒரே வினைமுற்றில் கலந்துபோனால், மாணவரும் கட்டுரையில் அப்படியேதான் கலப்பார். திரும்பும் வழியில் பேருந்திலேயே மூன்று பேர் 1446 என்று குறிப்பெடுத்து வைத்திருந்தார்கள்.

எனக்குப் பெரிய குறை அதற்கடுத்த வாக்கியத்தில்தான். "1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிப் புதிய நாணயங்களை வெளியிட்டனர்." அவ்வளவுதான், அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறது! இரண்டு காசும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டும் ஈயம். ஒன்றில் சுல்தான் பெயர். மற்றதில் சிலுவையும், போர்த்துகல் அரசர் மனுவலின் சின்னமான வான்கோள வளையமும். ஊரைப் பிடித்த அல்புகர்க் உலோகத்தை மாற்றவில்லை, முகத்தைத்தான் மாற்றினார். சுல்தானின் காசை யாரும் வைத்திருக்கக் கூடாது, நாணயச் சாலையில் கொடுத்துப் புதிய காசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யானை ஊர்வலத்தோடு அறிவிப்புச் செய்தார்கள், காசை மக்களிடையே இறைத்தார்கள். இவையெல்லாம் அல்புகர்க்கின் மகன் தொகுத்து 1557இல் வெளியிட்ட நூலில் இருக்கின்றன. பத்து தினேரோ ஒரு சோல்டோ, பத்து சோல்டோ ஒரு பஸ்தார்டோ என்று கணக்கையும் எளிதாக வைத்தார்கள். கடைத்தெருவில் மீன் வாங்குகிறவன் கையில் தினமும் புரளும் காசில் புது அரசனின் சின்னம் இருந்தால், ஊர் யாருடையது என்று அவனுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இதைச் சொல்ல உரைக்கு மூன்று வாக்கியம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும்.

தமிழ்ப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் முன்னால் நின்று பேசும்போது இன்னொன்றையும் விட்டிருக்கக் கூடாது. போர்த்துகீசியர் சிறு காசுகளைக் 'கைஷா' என்று அழைத்தார்கள். அது நம்ம 'காசு'தான். ஆங்கிலத்தில் சீனச் செப்புக் காசுகளுக்கு வழங்கும் 'கேஷ்' என்ற சொல்லும் அதே வழியில் போனதே. அந்த மலாக்காவில் இந்து வணிகர்களுக்குத் தலைவராக, பெண்டஹாரா பதவியில் அல்புகர்க் அமர்த்தியவர் நைனா செட்டி என்ற தமிழ் வணிகர். ஊரின் வணிகம் தெரிந்த ஆள் துணையில்லாமல் புதுக்காசு செல்லுபடியாகுமா என்று வழிகாட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், மீதியைப் பிள்ளைகளே பேசியிருப்பார்கள்.

வகுப்பில் அந்த உரையின் இரண்டாம் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தேன். 1446 என்ற வாக்கியத்தைத் திருத்தி எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் "நம்பப்படுகிறது" என்று ஒரு சொல்லை ஒட்டிவிட்டுக் கொடுத்தார்கள். எதைக் கொண்டு நம்புகிறோம் என்று எழுதியவர்கள் இரண்டே பேர். பிட்டிஸ் பகுதியைப் படித்த பிறகு அதே பயிற்சியை மறுபடி கொடுத்தபோது, பின்வரிசையில் உட்காரும் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "காசில் பெயர் உள்ளது, ஆண்டு இல்லை. எனவே அவர் ஆட்சிக்காலத்தைக் கொண்டு கணிக்கிறோம்." அந்த இரண்டு வாக்கியத்தையும் வழிகாட்டிக்கு அனுப்பியிருக்கிறேன்.