"மயக்கமா இருந்தார்": ஒரு ரிப்போர்ட் நோட்டை மறுபடியும் வாசித்தல்

பல வருடம் முன்னால் நான் எழுதின எட்டு வரியைத்தான் இந்தக் குறிப்பில் விமர்சனம் பண்ணப் போறேன். அடுத்தவங்க எழுதினதை எடுத்து வச்சிருந்தா இன்னும் வசதியா இருந்திருக்கும். ஆனா நினைவில் அழியாம இருக்கிறது இது ஒண்ணுதான்.

அப்போ ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நைட் டியூட்டி. கேஸ் ஷீட், மருந்துச் சார்ட் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனா ஒரு டியூட்டி போய் இன்னொரு டியூட்டி வரும்போது கை மாறுகிற ரிப்போர்ட் நோட்டு மட்டும் தமிழில் இருக்கும். அந்த நோட்டில் விடியற்காலை ஆறரைக்கு நான் எழுதினது:

"பெட் 6. நேற்று ஆபரேஷன் முடிந்து வந்தார். நைட் மயக்கமா இருந்தார். டாக்டர் பார்த்தார். டெக்ஸ்ட்ரோஸ் போட்டது. இப்போ பரவாயில்லை. சுகர் பார்க்கவும். டியூப் இருக்கு, யூரின் ஓகே. இன்சுலின் வழக்கம் போல."

படிச்சா ஒண்ணும் தப்பாத் தெரியாது. சுருக்கமா இருக்கு, புரியுது. அன்னைக்கு எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது.

நடந்தது என்னன்னு சொல்லிடறேன். அவருக்கு அறுபத்திரண்டு வயசு, சர்க்கரை நோய், கிட்னியும் கொஞ்சம் பழுது. வலது கால் புண்ணைச் சுத்தம் பண்ண, மயக்க மருந்து கொடுத்து மாலை ஆறு மணிக்கு ஆபரேஷன். வெறும் வயித்தில் இருக்கச் சொல்லியிருந்தாங்க. இருந்தும் அவர் மனைவி வழக்கமான சர்க்கரை மாத்திரையை, கிளிமிபிரைடை, காலையில் கொடுத்துட்டாங்க. ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டார். மூணு மணி பத்து நிமிஷத்துக்கு உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுது. விரலில் குத்திப் பார்த்தா சர்க்கரை 48. டியூட்டி டாக்டர் சொல்லி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏத்தினேன். கால் மணி நேரத்தில் 132. அஞ்சரைக்கு மறுபடி பார்த்தேன், 96.

காலையில் வந்த அக்கா நோட்டைப் படிச்சாங்க. "ஆபரேஷன்", அடுத்த வரியில் "மயக்கமா இருந்தார்". சரி, மயக்க மருந்து தெளியாம இருந்திருக்கார், டாக்டரும் பார்த்துட்டார், இப்போ பரவாயில்லை. சுகர் சார்ட்டில் காலைக் கட்டத்தில் 96 இருந்தது. நல்ல நம்பர். "வழக்கம் போல" பத்து யூனிட் ரெகுலர் இன்சுலினை ஏழே முக்காலுக்குப் போட்டாங்க. அன்னைக்கு டிபன் வர எட்டே முக்கால் ஆச்சு. அதுக்குள்ளே, எட்டரைக்கே அவருக்கு மறுபடி வியர்வை. இந்தத் தடவை 52. உடனே பார்த்ததால் ஒண்ணும் ஆகலை. சாயங்காலம் டியூட்டிக்கு வந்தப்போதான் எனக்குத் தெரியும். அந்த அக்கா ஒரு வார்த்தை திட்டலை. நோட்டைத் திறந்து ஆறாம் பெட் வரியைக் காட்டி, "இதில் 48 எங்கே இருக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

48 கேஸ் ஷீட்டில் இருந்தது. சார்ட்டில் இல்லை. ஏன்னா எங்க சுகர் சார்ட்டில் காலை, மதியம், மாலை, இரவு என்று நாலே கட்டம். விடியற்காலை மூணு மணிக்குக் கட்டமே கிடையாது. அதனால் 48-ம் 132-ம் டாக்டர் எழுதின பக்கத்தோட போச்சு, 96 மட்டும் சார்ட்டில் ஏறிச்சு. தனியா நிக்கிற 96 நல்ல நம்பர். 132-க்குப் பின்னாடி ரெண்டு மணி நேரத்தில் வந்த 96 இறங்கிக்கிட்டிருக்கிற நம்பர். கிளிமிபிரைட் ஒரு நாள் முழுக்க வேலை செய்யக் கூடியது, கிட்னி சரியில்லாதவங்களுக்கு இன்னும் நீளும். டெக்ஸ்ட்ரோஸ் கொஞ்ச நேரத்துக்குத்தான் தூக்கிப் பிடிக்கும். அதனால் இப்படிப்பட்டவங்களுக்குச் சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கும். நோட்டு சொல்லியிருக்க வேண்டிய ஒரே விஷயம் அதுதான். நான் சொன்னதோ "பரவாயில்லை".

இப்போ அந்தச் சொல்லுக்கு வர்றேன். தமிழில் மயக்கம் ஒரு சொல் இல்லை, ஒரு குடும்பம். தலை சுத்தினாலும் நோயாளி "மயக்கமா வருது"ம்பார். அரைத்தூக்கத்தில் கிடந்தாலும் மயக்கம். நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். ஆபரேஷனுக்குக் கொடுக்கிற மருந்தும் மயக்க மருந்து. வீட்டில் பேசும்போது இதனால் நஷ்டமில்லை, எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கலாம். நோட்டுக்கு முகம் கிடையாது. படிக்கிறவர் பக்கத்துச் சொல்லைப் பார்த்து அர்த்தம் எடுப்பார். என் நோட்டில் பக்கத்தில் இருந்தது "ஆபரேஷன்".

அதுக்கப்புறம் நான் நோயாளியின் நினைவைப் பத்தி அந்தச் சொல்லை எழுதறதில்லை. பார்த்ததை எழுதறேன். முழிப்பா இருக்கார், கூப்பிட்டா கண் திறக்கிறார், வலி கொடுத்தா மட்டும் அசைகிறார், எதுக்கும் அசைவில்லை. ஆங்கிலத்தில் நர்ஸ்கள் படிக்கிற நாலு படி அளவுகோல்தான் இது. கூடவே, நல்லாப் பேசிக்கிட்டிருந்தவர் திடீர்னு இடம், நேரம் தெரியாமப் பேசினா "புதுக் குழப்பம்" என்று தனியா எழுதணும், ஏன்னா அவர் முழிப்பாத்தான் இருப்பார். நோயாளி சொன்னது என்றால் அவர் சொன்னபடியே: "'மயக்கமா வருது' என்கிறார், எழுந்து உட்கார்ந்தால் தலைசுற்றல்."

"டியூப்" அடுத்த வில்லன். மூக்கு வழியா வயித்துக்குப் போறதும் டியூப், மூத்திரப் பையோட இருக்கிறதும் டியூப், புண்ணில் இருந்து வடியறதும் டியூப். "டியூப் எடுத்தாச்சு" என்று எழுதினா மூணில் எது? ஒரு தோழி இதில் என்னோட ஒத்துப்போக மாட்டாள். "பேஷன்டைப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது"ம்பாள். இருக்கிற டியூப் தெரியும். எடுத்த டியூபை எப்படிப் பார்ப்பது? எடுத்து எத்தனை மணி நேரமாச்சு, அதுக்கப்புறம் தானா மூத்திரம் போனாரா என்பதெல்லாம் எந்த டியூப் என்பதைப் பொறுத்தது. ரைல்ஸ் டியூப், யூரின் கத்தீட்டர், டிரெய்ன். ஒவ்வொண்ணுக்கும் ஒரே பெயர், நோட்டு முழுக்க அதே பெயர். "யூரின் ஓகே"யும் இதே ஜாதி. அறுபது கிலோ இருக்கிறவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லிக்குக் குறைஞ்சா கவனிக்கணும். அதனால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை எவ்வளவு மில்லி, அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிர்ப் பக்கம் இன்னொரு தப்பு இருக்கு. பின்னாடி வேலை பார்த்த ஓர் இடத்தில் அச்சடிச்ச தமிழ்ப் படிவம் கொண்டுவந்தாங்க. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நாலு தலைப்பு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த எஸ்பார் முறை. முறை நல்லதுதான். படிவத்தின் தமிழ்தான் தகராறு. "இரத்தச் சர்க்கரைத் தாழ்நிலை", "சிறுநீர் வடிகுழாய்" என்று போட்டிருந்தாங்க. தப்பான தமிழ் இல்லை. ஆனா வார்டில் யாரும் வாயால் சொல்லாத சொல். எழுதறவங்க ஒரு நாள் அதை எழுதுவாங்க, மறுநாள் "ஹைப்போ"ம்பாங்க, மூணாம் நாள் "லோ சுகர்". ஒரே பொருளுக்கு மூணு பெயர் வந்தா, மூணு விஷயம் நடந்த மாதிரி இருக்கும். "பரிந்துரை"ன்னு தலைப்பு வச்சா அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பவே இல்லை. பரிந்துரைக்கிறது டாக்டர் வேலைன்னு நினைச்சாங்க. "அடுத்த டியூட்டி செய்ய வேண்டியது" என்று பேனாவால் திருத்தி எழுதின வார்டில் மட்டும் நிரம்பிச்சு.

ஆக, சார்ட்டிலும் கருவியிலும் என்ன பெயர் இருக்கோ அதைத் தமிழ் எழுத்தில் எழுதலாம். மருந்துப் பெயர் மட்டும் விதிவிலக்கு. அதை அட்டையைப் பார்த்து ஆங்கில எழுத்திலேயே எழுதணும் என்பது என் கட்சி. தமிழ் எழுத்தில் 'ப'வும் 'ட'வும் ரெண்டு ஒலிக்குப் பொது. டோபமின், டோபுடமின் ரெண்டையும் அவசரக் கையெழுத்தில் எழுதிப் பாருங்க. ரெண்டும் ஐ.சி.யூ. மருந்து, ரெண்டும் வேற வேற. மி.கி., மை.கி. சங்கதியும் அதேதான்: ஒரு சுழி மாறினா அளவு ஆயிரம் மடங்கு மாறும். மைக்ரோகிராம் என்று முழுசா எழுதறதே மேல். யூனிட்டும் முழுசாத்தான், ஆங்கில எழுத்து ஒண்ணை மட்டும் போட்டா பூஜ்யமாகி 10 நூறாகும்.

தமிழ் வாக்கியத்துக்கே உள்ள ஒரு சிக்கல் எனக்கு ரொம்பத் தாமதமாத்தான் உறைச்சது. நமக்கு வினை கடைசியில் வரும், மறுப்பும் அதோட ஒட்டிக் கடைசியில்தான் வரும். "காலை இன்சுலின் டாக்டர் பார்க்கிற வரைக்கும் போட வேண்டாம்." அவசரமாப் படிக்கிற கண் முதல் ரெண்டு வார்த்தையை எடுத்துக்கிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடும். கடைசிச் சொல் மடிஞ்சு அடுத்த வரிக்குப் போயிருந்தா கேக்கவே வேண்டாம். அதனால் தடையை வரியின் தலையில் வைக்கிறேன்.

இன்னைக்கு எழுதினா ஆறாம் பெட்டுக்கு இப்படி எழுதுவேன் (மாத்திரைப் பெயர் நோட்டில் ஆங்கிலத்தில் இருக்கும்):

"பெட் 6. நிறுத்தம்: காலை இன்சுலின், டாக்டர் பார்க்கும் வரை.
13-ம் தேதி 03:10 ஹைப்போ. சுகர் 48, வியர்வை, கூப்பிட்டால் கண் திறந்தார், பேச்சு குழறல்.
03:15 டெக்ஸ்ட்ரோஸ் 25% 100 மில்லி ஐ.வி. போட்டேன். 03:30 சுகர் 132. 05:30 சுகர் 96, இறங்குகிறது. 06:30 முழிப்பு, பேச்சு தெளிவு.
12-ம் தேதி காலை கிளிமிபிரைட் சாப்பிட்டிருக்கிறார். இரவு இட்லி 2.
யூரின் கத்தீட்டர்: 20:00–06:00, 420 மில்லி.
செய்ய வேண்டியது: 07:30 சுகர். டிபன் கைக்கு வந்ததா பார். மாத்திரை விஷயம் டாக்டரிடம் சொல்."

பழையதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல நீளம். ஆனா ஆபரேஷன் பெயர், வயசு, ரெண்டு வருஷக் கதை எதுவும் இல்லை, அதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கு. அன்னைக்கு ஏழாம் பெட்டுக்கு நான் ஆறு வரி எழுதியிருந்தேன். அவர் ராத்திரி பூரா நல்லாத் தூங்கினவர், அவருக்கு ஒரு வரி போதும். "நேற்று இரவு" என்பதையும் விட்டுட்டேன். நைட் டியூட்டி பன்னிரண்டு மணியைத் தாண்டுது, விடியற்காலை மூணு மணி நேத்தா இன்னைக்கா? "போட்டது" என்பது "போட்டேன்" ஆயிடுச்சு. யார் போட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானே வீட்டுக்குப் போனவளுக்குப் போன் பண்ணிக் கேக்க முடியும்.

சுகர் சார்ட்டில் அந்த நாலு கட்டம் மட்டும் ரொம்ப நாள் அப்படியே இருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொன்னப்போ, பழைய சார்ட் ஐநூறு மிச்சம் இருக்கு, தீரட்டும்னாங்க. தீர்ற வரைக்கும் ஓரத்து மார்ஜினில் நேரம் போட்டு எழுதிக்கிட்டிருந்தோம்.