மெனு அட்டையில் இல்லாத முந்திரி

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலை விட்டு வெளியே வந்தபோது ராத்திரி ஏழரை மணி. அக்கா, அக்கா மகள், நான். பக்கத்திலிருந்த ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். அக்கா மகளுக்கு ஒன்பது வயது, முந்திரி ஆகாது. பாயசத்தில் கிடந்த அரை முந்திரிக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அதனால் எங்கள் வீட்டில் மெனு அட்டையைப் படிக்கிற விதமே வேறு. அன்றைய அட்டையை போனில் படம் எடுத்து வந்து, ஏட்டுப் பிரதியைப் பார்ப்பதுபோல வரி வரியாகப் படித்தேன். கடையின் பெயர் வேண்டாம். இந்தக் குறைகள் அந்த ஒரு கடையோடு நிற்பவை அல்ல.

முதலில் விலை. சுவரில் இருந்த பலகையில் நெய் ரோஸ்ட் 90 ரூபாய். அட்டையில் 95. அட்டையின் அடியில் எறும்பு எழுத்தில் 'வரி தனி'. பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 99.75, அதை ரவுண்டு பண்ணி 100. ஒரே தோசைக்கு மூன்று விலை. இன்னொரு வேடிக்கை: முதல் பக்கத்தில் 'கோபி 65' 110 ரூபாய், மூன்றாம் பக்கத்தில் 'காலிஃபிளவர் 65' 130 ரூபாய். ரெண்டும் ஒண்ணுதானே என்று கேட்டேன். "ஒண்ணுதான் சார், ரேட்டு ஏத்தும்போது அந்தப் பக்கத்தை விட்டுட்டாங்க" என்றார் பரிமாறிய தம்பி. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். விலை மாறும்போது பலகை, அட்டை, பில் மெஷின் மூன்றையும் சேர்த்து மாற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் வித்தியாசம் எப்போதும் சாப்பிடுகிறவர் தலையில்தான் விழுகிறது. (காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற கடை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது, அது பில்லிலேயே அச்சாகியிருக்க வேண்டும். ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.)

பத்து ரூபாய் போனால் போகட்டும். எனக்கு உறுத்தியது பெயர்கள். 'ஒயிட் குருமா', 'ஷாஹி பன்னீர்', 'ஸ்பெஷல் வெஜ் கிரேவி'. 'ஷாஹி' என்றால் ராஜாவுக்குரியது என்று பொருள். படிக்கிறவருக்கு அது வெறும் புகழ்ச்சி. சமையல்கட்டில் அது முந்திரி விழுது. வெள்ளைக் குருமாவும் அப்படித்தான். தேங்காயோடு முந்திரி, கசகசா அரைத்து ஊற்றினால்தான் அந்த நிறமும் கெட்டியும் வரும். அட்டையில் ஒரு வார்த்தை இல்லை.

"தம்பி, குருமாவுல முந்திரி இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா, முந்திரி போட மாட்டோம்."

அக்கா விடவில்லை. "அரைச்சு ஊத்துவீங்களா?"

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "அரைக்கிறதுல இருக்காம்க்கா. மேல தூவ மாட்டோம்னுதான் சொன்னேன்."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவருக்கு முந்திரி என்றால் பொங்கல் மேல் கிடப்பது, கண்ணுக்குத் தெரிவது. விழுது கிரேவியாகிவிட்டது, அது முந்திரி கணக்கில் வராது. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 'முந்திரி இருக்கா' என்பது தவறான கேள்வி, 'என்ன அரைக்கிறீங்க' என்பதே சரியான கேள்வி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 'நட்ஸ்' என்று கேட்பது இன்னும் மோசம். நிலக்கடலை பயறு வகை, முந்திரி மரக்கொட்டை. ஒன்று ஆகாதவருக்கு மற்றது ஆகலாம். ஆனால் முந்திரி ஆகாத பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது. சொல்வதானால் பெயர் பெயராகச் சொல்ல வேண்டும்.

இதில் ஊருக்கும் பங்கு உண்டு. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் செம்மண் முழுக்க முந்திரித் தோப்பு, மானாவாரியில் மல்லாட்டை. விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இந்த இரண்டு பயிரிலும் ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. முழு முந்திரியைவிட உடைந்த பருப்பு விலை குறைவு; கிரேவிக்குப் போவது அதுதான். சட்னிக்கு மல்லாட்டை. முந்திரிக் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊரின் மெனுவில் முந்திரி என்ற சொல் ஒரே இடத்தில்தான் வருகிறது: 'முந்திரி பக்கோடா'.

சட்டம் கைகொடுக்குமா என்று பார்த்தேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் உணவகங்களும் ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. பட்டியலில் நிலக்கடலையும் மரக்கொட்டைகளும் இருக்கின்றன. ஆனால் அது மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கிற உணவகங்களுக்கு. ஒற்றைக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எள் அந்தப் பட்டியலிலேயே இல்லை, நம் இட்லிப் பொடியில் தாராளமாக இருக்கிறது.

கல்லாவில் இருந்தவரிடம் பேசினேன். "எல்லாத்துக்கும் எழுதினா அட்டை பத்தாதுங்க" என்றார். எல்லாவற்றுக்கும் வேண்டாம். 'வெள்ளைக் குருமா: தேங்காய், முந்திரி, கசகசா அரைத்தது' என்று ஒரு வரி போதும். எண்ணிப் பார்த்ததில் அட்டையில் முந்திரி அரைபடக்கூடியவை ஏழு பண்டங்கள்தான். ஒரே மிக்ஸி ஜார், ஒரே கரண்டி என்பதையும் அடியில் சொல்லிவிடலாம். 'வரி தனி' அச்சடித்த இடத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அக்கா மகள் இட்லி சாப்பிட்டாள், சர்க்கரை தொட்டுக்கொண்டு.