நிழலை அணைத்தாலும் நிறையும் நினைவகம்

2 ஜிபி ராம் உள்ள போன்களுக்கென்று ஒரு தனி நிலை வைப்பது மொபைல் விளையாட்டுகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆட்டம் திறக்கும்போதே போனில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று நிரல் பார்க்கிறது. குறைவாக இருந்தால் நிழல்களை அணைக்கிறது. விளக்கைச் சுற்றிப் பரவும் ஒளிவட்டம் போன்ற எஃபெக்டுகளை நீக்குகிறது. படத்தை வரையும் ரெசல்யூஷனை 70 சதவீதத்துக்கு இறக்குகிறது. இதனால் ஆட்டம் ஓரளவு சீராக ஓடுகிறது. ஆனாலும் அதே போனில், இரண்டாவது கட்டத்துக்குப் போகும் நேரத்தில், ஆட்டம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்து முகப்புத் திரை வந்து நிற்கிறது. இந்த வழக்கத்தின் பலம், குறை இரண்டும் இங்கேதான் இருக்கின்றன. அது குறைப்பது ஜி.பி.யூ.வின் உழைப்பை. 2 ஜிபி போனை முதலில் வீழ்த்துவதோ நினைவகம்.

ஒரு போனை வைத்தே கணக்குப் பார்க்கலாம். 2021 தீபாவளியை ஒட்டி இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்டில் 2 ஜிபி ராம், 720×1440 திரை, குவால்காமின் கியூ.எம்.215 சிப், அதற்குள் அட்ரினோ 308 ஜி.பி.யூ. இருந்தன. திரை முழுவதையும் ஒருமுறை வரைய ஏறத்தாழ 10.4 லட்சம் பிக்சல் வேண்டும். நீளம், அகலம் இரண்டையும் 70 சதவீதமாக்கினால் 504×1008, அதாவது 5.1 லட்சம் பிக்சல்தான். வேலை பாதியாகிறது. ஒளிவட்ட எஃபெக்ட் வரைந்த படத்தையே திரும்பத் திரும்பப் படித்துச் சிறிதாக்கி, மங்கலாக்கி, மறுபடி பெரிதாக்கிச் சேர்ப்பது. அதை நீக்கினால் நினைவகத்துக்கும் ஜி.பி.யூ.வுக்கும் இடையே ஓடும் தரவும் குறைகிறது. இதன் பலன் முதல் நிமிடத்தைவிடப் பத்தாவது நிமிடத்தில்தான் நன்றாகத் தெரியும். மலிவான போன் சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாதி வேலையோடு, நொடிக்கு 30 படங்கள் என்ற வரம்பும் வைத்துவிட்டால் அந்தச் சூடு தள்ளிப்போகிறது. இந்த அளவில் இந்த நிலைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

இப்போது அதே செயல்கள் நினைவகத்தில் எவ்வளவு மிச்சப்படுத்துகின்றன என்று பார்ப்போம். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் முழுத்திரைப் படம் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 எம்பி. வண்ணத்துக்கு ஒன்று, ஆழத்துக்கு ஒன்று என 8 எம்பி வைத்துக்கொள்வோம். ரெசல்யூஷனைக் குறைத்தபின் அது 4 எம்பி ஆகிறது. திரைக்கு அனுப்பும் படங்கள் முழு அளவிலேயே தொடர்கின்றன. நிழலுக்காக வைத்திருக்கும் 2048×2048 வரைபடம், பிக்சலுக்கு 2 பைட் கணக்கில், 8 எம்பி. ஒளிவட்டத்துக்கான இடைப்படங்கள் இரண்டு மூன்று எம்பி. எல்லாம் சேர்த்து மிச்சமானது 15 எம்பி அளவு. ஆட்டம் மொத்தம் 700 எம்பி பிடிக்கிறது என்றால் இது இரண்டு சதவீதம். திரையில் கண்ணுக்குத் தெரிந்த இழப்பு பெரியது. நினைவகத்தில் கிடைத்ததோ மிகக் குறைவு.

மீதி 685 எம்பியில் பெரும்பங்கு எங்கே? பெரும்பாலான விளையாட்டுகளில் டெக்ஸ்ச்சர்களில், அதாவது சுவர், உடை, வண்டி, பொத்தான் ஆகியவற்றின் மேல் ஒட்டும் படங்களில். 2048×2048 டெக்ஸ்ச்சர் ஒன்று சுருக்கப்படாமல் 16 எம்பி பிடிக்கும். ஏ.எஸ்.டி.சி. முறையில் 6×6 கட்டங்களாகச் சுருக்கினால் 2 எம்பிக்கும் குறைவு. அதன் உச்ச அளவை விட்டுவிட்டு 1024×1024 நிலையிலிருந்து ஏற்றினால் அதிலும் கால்பங்குதான். ஆக, எல்லா டெக்ஸ்ச்சர்களையும் ஒரு படி இறக்குவது ஒன்றே நிழலும் ஒளிவட்டமும் சேர்ந்து தருவதைப்போலப் பல மடங்கு இடத்தைத் தரும். யூனிட்டியில் `QualitySettings.globalTextureMipmapLimit` என்பதை 1 என்று வைத்தால் இது நடக்கிறது. பல குழுக்கள் இந்த வரியை எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகின்றன.

இங்கே இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, படிப்படியாகச் சிறிதாகும் மிப்மேப் பிரதிகள் இருக்கும் டெக்ஸ்ச்சருக்குத்தான் அந்த வரி செல்லுபடியாகும். பட்டியல், கடை, பாத்திரத் தேர்வு போன்ற திரைகளின் படங்களை மிப்மேப் இல்லாமல் வைப்பதுதான் வழக்கம். ஆகவே அவை முழு அளவிலேயே உள்ளே வருகின்றன. கடைத்திரையில் மட்டும் இருபது பெரிய படங்கள் இருக்கும் ஆட்டத்தில், நிழலை வெட்டியவர்கள் கடையைத் தொடவே இல்லை என்பது அளந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆபத்தானது. அட்ரினோ 300 வரிசை ஜி.பி.யூ.க்களுக்கு ஏ.எஸ்.டி.சி. புரியாது. ஆட்டத்தை ஏ.எஸ்.டி.சி.யில் மட்டும் கட்டி அனுப்பினால், அப்படிப்பட்ட போனில் யூனிட்டி ஒவ்வொரு டெக்ஸ்ச்சரையும் ஏற்றும்போதே விரித்து, சுருக்கப்படாத வடிவில் வைத்துக்கொள்ளும். உயர்ந்த போனில் 2 எம்பிக்குக் குறைவாக இருந்த படம், இடமே இல்லாத போனில் 16 எம்பி ஆகிறது. ஒரு படி இறக்கினாலும் 4 எம்பி. எளிய போனுக்காகத் தரத்தைக் குறைத்த பிறகும் உயர்ந்த போனைவிட இருமடங்கு செலவு! அந்த ஜி.பி.யூ.க்கள் ஈ.டி.சி.2 முறையைப் படிக்கும். இரண்டு வடிவிலும் கட்டி, போனுக்குப் பொருந்தியதை மட்டும் பிளே ஸ்டோர் அனுப்பும்படி செய்ய முடியும். ஆனால் அது ஆட்டம் வெளியாவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவு. அமைப்புத் திரையில் இருக்கும் பொத்தான் எதுவும் இதைச் சரிசெய்யாது.

கிராஃபிக்ஸ் என்ற தலைப்புக்குள் வராததால் இந்த நிலை தொடவே தொடாத ஒன்று ஒலி. மூன்று நிமிடப் பின்னணி இசை, இரண்டு தடங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். விரித்து வைத்தால் இது 30 எம்பிக்கு மேல். கோப்பாகச் சுருங்கியிருக்கும்போது சிறிதாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் `Decompress On Load` என்ற அமைப்பில் விட்டிருந்தால் முழுதும் விரிந்து உட்கார்ந்திருக்கும். `Streaming` என்று மாற்றினால் அது கிலோபைட் அளவுக்கு வந்துவிடும். நிழல், ஒளிவட்டம், ரெசல்யூஷன் மூன்றும் சேர்ந்து கொடுத்ததைப்போல இருமடங்கு, ஒரே ஒரு பாட்டில். ஆடுபவரின் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அணைத்த எஃபெக்டுகளும் எப்போதும் வெளியே போய்விடுவதில்லை. வெடிப்புக் காட்சியைத் திரையில் காட்டாமல் நிறுத்துவது வேறு. அதன் டெக்ஸ்ச்சரை நினைவகத்திலிருந்து இறக்குவது வேறு. காட்சியில் உள்ள ஏதோ ஒரு பொருள் அந்த வெடிப்பைச் சுட்டிக்கொண்டிருக்கும்வரை அதன் படங்களும் ஏறியே இருக்கும். அந்தச் சுட்டலையே எடுத்துவிட்டு, எஃபெக்டைத் தனிப் பொதியாக வைத்து, தேவைப்படும் போனில் மட்டும் ஏற்றினால்தான் இடம் விடுபடும்.

ஆட்டம் மறைவது ஏன் கட்டம் மாறும்போது என்பதற்கும் விடை இதே பக்கத்தில் இருக்கிறது. பழைய கட்டத்தின் பொருள்கள் இறங்குவதற்கு முன் புதியவை ஏறத் தொடங்குகின்றன. சில நொடிகளுக்கு இரண்டும் உள்ளே இருக்கும். சராசரிப் பயன்பாடு 500 எம்பி என்று அறிக்கை சொன்னாலும், அந்தச் சில நொடிகளின் உச்சம்தான் தீர்ப்பு எழுதுகிறது. ஆண்ட்ராய்டின் `lmkd` என்ற காவல் நிரல் முதலில் பின்னணியில் உள்ள செயலிகளை நிறுத்தும். அதுவும் போதாவிட்டால் முன்னால் ஓடும் ஆட்டத்தையே நிறுத்தும். இது ஆட்டத்தின் பிழையால் வந்த முறிவு அல்ல என்பதால், வழக்கமான முறிவு அறிக்கைகளில் தடயமே இருக்காது. எனவே முறிவு குறைவாக இருக்கிறது என்று குழு மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் விலகிக்கொண்டிருப்பார்கள். போனை கேபிளில் இணைத்து, கட்டம் மாறும் அந்த நொடியில் இந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும்:

```
adb shell dumpsys meminfo com.example.game
```

வரும் பட்டியலில் `Graphics`, `Native Heap`, `TOTAL PSS` என்ற வரிகளைக் கட்டம் மாறுவதற்கு முன்னும் மாறும்போதும் ஒப்பிட்டாலே எது வீங்குகிறது என்பது தெரிந்துவிடும். நடுவே ஒரு வெற்றுக் காட்சியை வைத்து, பழையதை முழுக்க இறக்கிய பிறகே புதியதை ஏற்றுவது மலிவான தீர்வு. ஏற்றும் நேரம் சற்றுக் கூடும். இந்தப் போன்களில் அதைத் தாராளமாக ஏற்கலாம்.

தரத்தைக் குறைப்பது ஆட்டத்தின் நியாயத்தையும் தொடுகிறது. துப்பாக்கி ஆட்டத்தில் புகைக்குண்டு அழகுக்கு வைத்ததல்ல, அது ஒரு திரை. துகள்களின் எண்ணிக்கையைக் குறைத்து, புகையை ஊடுருவிப் பார்க்கும்படி செய்தால், தரத்தை வேண்டுமென்றே இறக்கிக்கொள்பவர்தான் வெல்வார். அதே அளவு மறைக்கும் சில பெரிய துகள்களைப் போடலாம். ஆனால் ஒளிபுகும் பெரிய பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது ஜி.பி.யூ. மறுபடி திணறும். இதற்குச் சுத்தமான விடை இல்லை. புகையைக் குறைக்காமல் விட்டு, வேறு எதையாவது வெட்டுவதே சரி என்பது என் கருத்து.

எழுத்துக்கும் இதே அக்கறை வேண்டும். முப்பரிமாணக் காட்சியை மட்டும் சிறிதாக வரைந்து, எழுத்தும் பொத்தானும் முழு ரெசல்யூஷனில் இருக்கும்படி பிரிக்க முடியும். சோம்பலாக `Screen.SetResolution` கொண்டு எல்லாவற்றையும் ஒருசேர இறக்கினால் முதலில் பாதிக்கப்படுவது எழுத்துதான். தமிழில் இடைமுகம் உள்ள ஆட்டத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து போகும். சிறிய அளவில் ‘ன’வும் ‘ள’வும் ஒன்றுபோலத் தெரியும்.

தனிச் செயலியே கட்டிவிடலாமே என்ற வாதமும் உண்டு. பப்ஜி மொபைல் லைட் அப்படித்தான் வந்தது: சிறிய வரைபடம், 100 பேருக்குப் பதில் 60 பேர். இதன் நன்மை நேர்மையானது. எளிய போன் தனக்குத் தேவையில்லாத பெரிய டெக்ஸ்ச்சர்களைத் தரவிறக்கிச் சேமிக்க வேண்டியதில்லை. ஆனால் லைட்டில் ஆடுபவர் முழு ஆட்டத்தில் இருக்கும் நண்பரோடு சேர முடியாமல் போனது. கரீனாவின் ஃப்ரீ ஃபயர் 2021இல் எதிர்த்திசையில் போனது. எளிய போனில் ஓடும் ஆட்டத்தை அப்படியே வைத்து, உயர்ந்த தரத்துக்கு ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்று தனிச் செயலி தந்து, ஒரே கணக்கில் இரு பக்கமும் சேர்ந்து ஆடவிட்டது. எளிய போனை அடிப்படையாக வைத்து மேலே கட்டியதால்தான் இது முடிந்தது. மேலிருந்து வெட்டிக்கொண்டே வருவதைவிட இந்த வரிசையே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஏற்கெனவே மேலிருந்து கட்டிவிட்ட குழுவுக்கு நான் கேட்பது, ஒற்றைப் பொத்தானை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதைத்தான். ஜி.பி.யூ.வைப் பார்த்து ரெசல்யூஷனும் எஃபெக்டும் முடிவாகட்டும். ராமைப் பார்த்து டெக்ஸ்ச்சர், ஒலி, காட்சி ஏற்றும் முறை முடிவாகட்டும். நல்ல ஜி.பி.யூ.வும் குறைந்த ராமும் உள்ள போன், வீணாக மங்கிய படத்தைப் பார்க்க வேண்டாம். ராமைச் சோதிக்கும்போது 2048 எம்பி என்ற எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. கெர்னலும் மற்ற பாகங்களும் ஒதுக்கிக்கொண்ட பிறகு 2 ஜிபி போன் காட்டும் எண் அதைவிடக் குறைவாகவே இருக்கும். `SystemInfo.systemMemorySize <= 2200` போன்ற வரம்பு பாதுகாப்பானது. ஆண்ட்ராய்டு 11 முதல், முந்தைய முறை ஆட்டம் ஏன் நின்றது என்பதை `ApplicationExitInfo` சொல்கிறது. அதில் `REASON_LOW_MEMORY` என்றிருந்தால், அடுத்த முறை திறக்கும்போது நினைவகப் பொத்தானை மட்டும் ஒரு படி இறக்கலாம். சில போன்கள் இந்தக் காரணத்தைத் தராமல் `REASON_SIGNALED` என்று மட்டும் சொல்லும். ஆகவே `isLowMemoryKillReportSupported()` என்று முதலில் கேட்டு, இல்லை என்று வந்தால், ஆட்டம் முன்னால் இருந்தபோது 9ஆம் எண் சிக்னலால் நின்றதையும் நினைவகப் பற்றாக்குறை என்றே ஐயப்பட்டு எண்ணிக்கொள்ள வேண்டும்.